எட்டு மணி அலாரம்

பள்ளிக் குறும்படங்களில் துயரக் காட்சி எழுதுவதைப் பற்றி, என் வகுப்பில் நடந்த ஒன்றைக் கொண்டு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் மாவட்ட அளவிலான போட்டி ஒன்றுக்காகப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்க முன்வந்தார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள அன்புதான் கதை. நடுவில் தாத்தா இறந்துவிடுகிறார். அந்தக் காட்சியை மாணவர்களே எழுதி வந்தார்கள். மாலையிட்ட படத்தின் முன் பேரன் விழுந்து புரள்கிறான். "தாத்தா! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று அலறுகிறான். வெளியே இடி, மழை. பின்னணியில் வயலின் இசை.

அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்ததைத்தான் எழுதியிருந்தார்கள். ஒத்திகை பார்த்தோம். நடித்த மாணவன் அலறினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அவனும் சிரித்துவிட்டான். அப்போது நானும் ஒரு தவறு செய்தேன். "உனக்குப் பிடித்த யாராவது இறந்துபோனதாக நினைத்துக்கொள்" என்று அவனிடம் சொன்னேன். அவன் முகம் மாறியது. அதற்குப் பிறகு அன்று அவனால் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மறுநாள், ஒலிப்பதிவுக்குப் பொறுப்பேற்றிருந்த மாணவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். முந்தைய ஆண்டுதான் அவனுடைய தாத்தா காலமாகியிருந்தார்.

"எங்க வீட்டுல அப்படி நடக்கல டீச்சர்."

"பின்னே எப்படி?"

"அன்னைக்கு எல்லாரும் அழுதாங்க. ஆனா எனக்கு அழுகை வரல. அப்புறமாத்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு. தாத்தாவுக்கு எட்டு மணிக்கு மாத்திரை குடுக்கறது என் வேலை. போன்ல அலாரம் வச்சிருந்தேன். கருமாதி முடிஞ்ச பிறகும் அது அடிச்சிச்சு."

அவன் சொன்ன அந்த நான்கைந்து வரிகளில் எங்களுக்குத் தேவையான காட்சி இருந்தது. அதைப் படத்தில் சேர்க்கலாமா என்று முதலில் அவனிடம் கேட்டேன். பிறகு அவனுடைய அம்மாவிடமும் கேட்டேன். இருவரும் சம்மதித்தார்கள். ஆயினும் அவனை நடிக்க வைக்கவில்லை. அவன் ஒலிவாங்கியோடுதான் இருந்தான்.

முதலில் காட்சியின் நாளை மாற்றினோம். சாவு வீட்டில் அலறி அழுவது பொய்யன்று. ஒப்பாரி நம் மரபு. அது உண்மையான துயரமே. ஆனால் அன்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பிள்ளைகளை யாராவது ஓர் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். சிறுவனின் துயரத்தைக் காட்ட வேண்டுமானால், உறவினர் எல்லாரும் புறப்பட்டுப் போன பிறகு வருகிற ஒரு சாதாரண இரவே பொருத்தமானது. ஆகவே பதினாறாம் நாள் சடங்குக்கு மறுநாள் இரவைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்து, காட்சித்தாளில் 'சோகமாக', 'கண்ணீர் மல்க' போன்ற சொற்களை எல்லாம் அடித்தோம். படக்கருவி பார்க்கக்கூடியதும் ஒலிவாங்கி கேட்கக்கூடியதும் மட்டுமே தாளில் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. அதன்படி எழுதியது இது:

பேரன் வீட்டுப்பாடம் எழுதுகிறான். அம்மா துணி மடிக்கிறாள். அலாரம் அடிக்கிறது. அவன் அதை நிறுத்துகிறான். எழுந்து குவளையில் தண்ணீர் பிடிக்கிறான். அலமாரியிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுக்கிறான். ஏழு நாளுக்கு ஏழு அறைகள். புதன்வரை காலி. வியாழன், வெள்ளி, சனி அறைகளில் மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. அவன் நிற்கிறான். அம்மா தலை நிமிராமல், "தண்ணி வெதுவெதுப்பா இருக்கா பாரு" என்கிறாள். சொன்ன பிறகு அவள் கை நிற்கிறது. சிறிது நேரம் கழித்து, "நீ குடிச்சிரு" என்கிறாள். அவன் நின்றபடியே குடிக்கிறான்.

இதில் தாத்தா என்ற சொல்லே இல்லை. முதல் வரைவில், தண்ணீர் குடித்த பிறகு, "தாத்தா இல்லாம வீடே வெறிச்சோடிப் போச்சும்மா" என்று அவன் சொல்வதாக ஒரு வரி இருந்தது. அது மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வரி. அதை ஒரு தாளால் மூடிவிட்டுக் காட்சியைப் படிக்கச் சொன்னேன். ஒன்றும் குறையவில்லை என்று அவர்களே கண்டார்கள். படம் காட்டிவிட்டதை வசனம் மறுபடியும் சொன்னால் மிகை அங்கேதான் தொடங்குகிறது. எனினும் இவ்வளவு குறைவாகச் சொல்வதற்கு ஒரு முன்னேற்பாடு தேவை. படத்தின் தொடக்கத்திலேயே அதே அலாரம் அடிக்க வேண்டும். தாத்தா அதே குவளையில் மாத்திரை விழுங்க வேண்டும். அது இல்லாவிட்டால், பிற்பாடு வருகிற அமைதி பார்ப்பவர்க்குப் புரியாது.

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் அக்காளை இழந்த சிறுவன் அப்பு வீட்டைவிட்டு வெளியே கிளம்புகிறான், வானத்தைப் பார்க்கிறான், திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு போகிறான். மழையில் நனைந்து காய்ச்சல் கண்ட பிறகுதான் அக்காள் இறந்தாள் என்பது நமக்குத் தெரியும். அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இந்தப் பகுதியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். "குடைதான் டீச்சர் அழுவுது" என்றாள் ஒரு மாணவி.

படப்பிடிப்பன்று, நடித்த மாணவனிடம் உணர்ச்சியைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. வேலைகளை மட்டும் கொடுத்தேன். "பெட்டியைத் திற. எத்தனை அறையில் மாத்திரை இருக்கிறது என்று மனத்துக்குள் எண்ணு. எண்ணி முடித்ததும் மூடு." அவ்வளவுதான். உண்மையாகவே எண்ணிக்கொண்டிருந்த அந்த முகத்தில் நடிப்பு சிறிதும் தெரியவில்லை. முகத்தை மிக அருகில் எடுக்காமல், இடுப்பளவில், சற்றுப் பக்கவாட்டிலிருந்து எடுத்தோம். அவன் தண்ணீர் குடித்து முடித்த பிறகும் உடனே நிறுத்தாமல் மனத்துக்குள் ஐந்து எண்ணிய பிறகே பதிவை நிறுத்தினோம். அந்த ஐந்து நொடிகளில் அவன் குவளையைக் கவிழ்த்து வைத்தான். அது நாங்கள் எழுதியதன்று.

இசை சேர்க்கவில்லை. அதனால் வேறொரு சிக்கல் வந்தது. மின்விசிறி இரைச்சல் வசனத்தை விழுங்கியது. விசிறியை நிறுத்தி எடுத்தாலோ, காட்சி மாறும் இடங்களில் ஒலி அறுந்து அறுந்து கேட்டது. ஆகவே விசிறியை நிறுத்தி நடிப்பை எடுத்தோம். பிறகு விசிறியைச் சுழலவிட்டு, எல்லாரும் வாய் மூடி நிற்க, அறையின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் தனியே பதிந்தோம். அதைக் காட்சி முழுவதற்கும் அடியில் மெல்லிதாகச் சேர்த்தபோது வெட்டுகள் மறைந்தன. வீடும் வீடாக ஒலித்தது. அந்த ஒரு நிமிடமும் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவன், இந்தக் கதையைத் தந்த மாணவன்தான்.

போட்டியில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. 'உணர்ச்சி இன்னும் வேண்டும்' என்று குறிப்புத் தாளில் எழுதியிருந்தார்கள். மாணவர்களுக்கு வருத்தம்தான். பின்னர்ப் பள்ளி மண்டபத்தில் பெற்றோர்க்குப் படத்தைத் திரையிட்டோம். அந்த மாணவனின் அம்மா கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். படம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னருகில் வந்தார்.

"எங்க வீடு இப்படித்தான் இருந்துச்சு டீச்சர்" என்றார். பிறகு அவரும் எங்களோடு நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.