அந்த 80-ஐ நான் ஏன் விட்டேன்?

முதல்லயே சொல்லிடறேன், எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. ற, ர தப்பா வந்திருந்தா எடிட்டர் பார்த்துப்பார். சிவில் ஜூனியர்ஸ் யாராவது சாயில் மெக்கானிக்ஸ் பரீட்சைக்கு முந்தின நாள் இதைப் படிச்சா போதும், அதுக்காகத்தான் எழுதறேன். எனக்கு அந்தப் பேப்பர் அரியர். ஃபோட்டோகாப்பி அப்ளை பண்ணி வாங்கிப் பார்த்தப்ப, ஒரே ஒரு 13 மார்க் கேள்வியில எனக்கு 4 மார்க்தான் போட்டிருந்தாங்க. அந்த ஒரு கேள்வி சரியா வந்திருந்தா நான் பாஸ்.

கேள்வியை இப்பவும் அப்படியே சொல்ல முடியும். மேல 2 மீட்டர் மணல், கீழ 4 மீட்டர் களிமண். தண்ணி மட்டம் சரியா களிமண் ஆரம்பிக்கிற இடத்துல. மணலுக்கு யூனிட் வெயிட் 18. களிமண்ணுக்கு இயற்கையான ஈரப்பதம் 40 சதவீதம், ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 2.7, லிக்விட் லிமிட் 60, பிளாஸ்டிக் லிமிட் 25. ப்ரீகன்சாலிடேஷன் பிரஷர் 80 கிலோபாஸ்கல், ரீகம்ப்ரெஷன் இண்டெக்ஸ் 0.05. இது மேல பெரிய பரப்புல 3 மீட்டர் மண் நிரப்பறாங்க, நிரப்பற மண்ணோட யூனிட் வெயிட் 20. களிமண்ணை வகைப்படுத்து, எவ்வளவு இறங்கும்னு கண்டுபிடி. இதுக்கு மேல மணலோட D10, D30, D60 வேற கொடுத்து அதையும் வகைப்படுத்தச் சொல்லியிருந்தாங்க.

வகைப்படுத்தற பகுதி எல்லாருக்கும் வரும். பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 60-லிருந்து 25 போக 35. ஏ-லைன்ல லிக்விட் லிமிட் 60-க்கு எவ்வளவு?

PI = 0.73 (LL − 20) = 0.73 × 40 = 29.2

நம்ம 35 அதுக்கு மேல இருக்கு, அதனால களிமண். லிக்விட் லிமிட் 50-ஐத் தாண்டியிருக்கு, அதனால CH. இங்க ஒண்ணு மட்டும் கவனிங்க. நம்ம ஐ.எஸ். 1498-ல 35-க்கும் 50-க்கும் நடுவுல CI-ன்னு தனியா ஒரு வகை உண்டு. அமெரிக்கப் புத்தகத்துல அது கிடையாது, 50-க்குக் கீழ எல்லாமே CL. லிக்விட் லிமிட் 42-னு வந்தா எந்தப் புத்தகத்தைப் படிச்சீங்கன்னு விடைத்தாளே காட்டிக் கொடுத்துடும்.

மணல் பகுதியில என் பெஞ்ச்மேட் ஒருத்தன் பண்ணின காமெடியைச் சொல்லியே ஆகணும். D10 0.2, D30 0.5, D60 1.0. கர்வேச்சர் கோஎஃபிஷியன்ட் 1.25-னு சரியாக் கண்டுபிடிச்சான். அதுக்குக் குறியீடு Cc. கம்ப்ரெஷன் இண்டெக்ஸுக்கும் குறியீடு Cc. செட்டில்மென்ட் ஃபார்முலாவில Cc-ன்னு பார்த்ததும் அந்த 1.25-ஐயே தூக்கிப் போட்டுட்டான். விடை 800 மி.மீ. ஒரு ஆளோட இடுப்பு வரைக்கும் தரை இறங்குது! சார் அதைக் கிளாஸ்ல படிச்சுக் காட்டினப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன். என் தப்பு அதைவிட மோசம்னு அப்ப தெரியாது.

இறக்கத்துக்கு நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தது ஒரே ஃபார்முலா.

S = [Cc H / (1 + e0)] × log10(σ'f / σ'0)

இதுக்குத் தேவையான எல்லாத்தையும் கேள்வியிலிருந்து எடுத்தேன். அது வரைக்கும் நான் பண்ணினது சரிதான். களிமண் முழுசா தண்ணில இருக்கு, அதனால வாய்ட் ரேஷியோ நேராக் கொடுக்காட்டியும் ஈரப்பதத்தை ஸ்பெசிஃபிக் கிராவிட்டியோட பெருக்கினாப் போதும்: 0.40 × 2.7 = 1.08. Cc கொடுக்கலை, ஆனா லிக்விட் லிமிட் இருக்கு: 0.009 × (60 − 10) = 0.45. (இந்த 0.009 கலைக்காத களிமண்ணுக்கு. கேள்வியில 'ரீமோல்டட்'னு ஒரு வார்த்தை இருந்தா 0.007.) களிமண்ணோட நடுவுல இப்ப இருக்கற எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ், மணலால 36, தண்ணிக்குள்ள இருக்கற 2 மீட்டர் களிமண்ணால 16, ஆக 52. நிரப்பற மண் 3 × 20 = 60 சேர்க்குது. கடைசியில 112. எல்லாத்தையும் போட்டா 288 மி.மீ. ரெண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டு வெச்சேன்.

80-ம் 0.05-ம் மிச்சம். என் ஃபார்முலாவில அதுக்கு இடமே இல்லை. அதனால 'குழப்பறதுக்காகக் கொடுத்த டேட்டா'ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். உண்மையைச் சொன்னா அது முடிவு இல்லை, பயம். அதைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சா எழுதினதெல்லாம் அடிக்கணுமேன்னு.

ஃபோட்டோகாப்பி வந்த அன்னிக்கு ரூம்மேட்கிட்ட காட்டினேன். அவன் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். முதல் வருஷம் என்கிட்ட இங்கிலீஷ்ல டவுட் கேட்டவன். பேப்பரைப் பார்த்துட்டு என் கட்டிலைக் காட்டினான்.

"டேய், நீ இந்த இலவம்பஞ்சு மெத்தையைப் புதுசா வாங்கினப்ப எவ்வளவு உசரம் இருந்துச்சு?"

"நல்லா பொசுபொசுன்னு."

"நீ படுத்துப் படுத்து அமுங்கிப்போச்சு. இப்ப நீ எழுந்தா பழைய உசரத்துக்கு வருதா? கொஞ்சூண்டுதான் வருது. திரும்ப நீயே படுத்தா எவ்வளவு இறங்கும்? அந்தக் கொஞ்சூண்டுதான். நம்ம மெஸ் செகரட்டரி வந்து உட்கார்ந்தா?"

மெஸ் செகரட்டரி என்னைவிட நாப்பது கிலோ அதிகம். அவர் உட்கார்ந்தா என் எடை வரைக்கும் மெத்தை கொஞ்சமா இறங்கும், அதைத் தாண்டினதும் புது மெத்தை மாதிரி நிறைய இறங்கும். அவ்வளவுதான் விஷயம். 80-ங்கறது அந்த மண்ணு இதுக்கு முன்னாடி தாங்கின அதிகபட்ச எடை. மேல இருந்த மண் அரிச்சுப் போயிருக்கலாம், தண்ணி மட்டம் ஒரு காலத்துல கீழ போயிட்டுத் திரும்பி வந்திருக்கலாம், களிமண் காய்ஞ்சு இறுகியிருக்கலாம். காரணம் எதுவா இருந்தாலும், இப்ப 52-ல இருக்கற மண் 80-ஐ ஏற்கெனவே பார்த்துடுச்சு. 52-லிருந்து 80 வரைக்கும் அது கெட்டியா நடந்துக்கும், அதுக்கு 0.05. 80-லிருந்து 112 வரைக்கும்தான் 0.45.

S = [H / (1 + e0)] × [Cr log10(80/52) + Cc log10(112/80)]

4-ஐ 2.08-ஆல வகுத்தா 1.923. அடைப்புக்குள்ள முதல் பகுதி 0.009, ரெண்டாவது 0.066. விடை 144 மி.மீ. நான் எழுதின 288-க்கு சரியாப் பாதி. அன்னிக்கு ராத்திரி ரூம்ல கால்குலேட்டரைத் தட்டி அந்த எண்ணைப் பார்த்தப்ப ஒருமாதிரி ஆயிடுச்சு.

அவன் அதோட விடலை. "3 மீட்டருக்குப் பதிலா 1 மீட்டர் மட்டும் நிரப்பினா?"ன்னான். 52-ம் 20-ம் 72. 80-ஐத் தொடவே இல்லை. அப்ப Cc-க்கு வேலையே கிடையாது, Cr மட்டும். 14 மி.மீ. கூட இல்லை. நான் மனப்பாடம் பண்ணின ஃபார்முலா அங்க 122 மி.மீ. சொல்லும். ஒன்பது மடங்கு தப்பு! சைட்ல யாராவது அந்த எண்ணை நம்பினா, தேவையே இல்லாத இடத்துல மண்ணை இறுக்கறதுக்குப் பணத்தைக் கொட்டுவாங்க.

அதனால ஜூனியர்ஸ், இந்த மாதிரி கேள்வி வந்தா நான் இப்ப முதல்ல தேடறது ப்ரீகன்சாலிடேஷன் பிரஷர் இருக்கா, இல்லை 'நார்மலி கன்சாலிடேட்டட்'ங்கற வார்த்தை இருக்கான்னுதான். பிரஷர் கொடுத்திருந்தா இப்ப இருக்கற ஸ்ட்ரெஸ், கடைசி ஸ்ட்ரெஸ் ரெண்டையும் கணக்கு போட்டு, அந்த எண் இதுங்களுக்கு எந்தப் பக்கம் நிக்குதுன்னு பார்க்கணும். அதுக்கு அப்புறம்தான் எந்த ஃபார்முலான்னே தெரியும். Cc, லிக்விட் லிமிட் எதுவும் இல்லாம mv மட்டும் இருந்தா ரொம்ப சுலபம், S = mv × Δσ' × H, வாய்ட் ரேஷியோ கூட வேண்டாம். ஆனா mv ஒரே எண் கிடையாது, ஸ்ட்ரெஸ் மாற மாற மாறும். 50-லிருந்து 100 வரைக்கும் எடுத்த mv-யை 200-லிருந்து 400-க்குப் போடக் கூடாது. லேப்ல எடுத்த வாய்ட் ரேஷியோ ஆரம்பத்துல ஒண்ணு, கடைசியில ஒண்ணுன்னு கொடுத்திருந்தா எந்த இண்டெக்ஸும் வேண்டாம், அந்த வித்தியாசத்தை 1 + e0-ஆல வகுத்து தடிமனால பெருக்கினா முடிஞ்சுது.

இன்னொண்ணு, இது நானே பின்னாடி கண்டுபிடிச்சேன்னு கொஞ்சம் பெருமை. வகைப்படுத்தற பகுதி வேற, இறக்கம் வேறன்னு நினைச்சிருந்தேன். ஈரப்பதம் 40, பிளாஸ்டிக் லிமிட் 25, லிக்விட் லிமிட் 60. 40 நடுவுல எங்க நிக்குதுன்னு பாருங்க:

LI = (40 − 25) / 35 = 0.43

இப்பதான் படிஞ்ச, பெரிய எடையே பார்க்காத களிமண்ணுன்னா ஈரம் லிக்விட் லிமிட் பக்கத்துல, LI 1-க்குக் கிட்ட இருக்கும். நல்லா அழுத்தம் வாங்கின மண்ணுல பிளாஸ்டிக் லிமிட் பக்கத்துல, 0-க்குக் கிட்ட. 0.43 ரெண்டுக்கும் நடுவுல. அதாவது கொஞ்சம் அழுத்தம் பார்த்த மண். 80-ன்னு அவங்க கொடுத்தது அதோட பொருந்துது. இதை வெச்சு மட்டும் ப்ரீகன்சாலிடேஷன் பிரஷரைக் கண்டுபிடிக்க முடியாது, அதுக்கு ஈடோமீட்டர் டெஸ்ட்தான். ஆனா 80 குழப்பறதுக்குக் கொடுத்தது இல்லைன்னு முதல் பகுதியிலேயே எனக்குத் துப்பு கொடுத்திருந்தாங்க. நான் CH-ன்னு எழுதி டிக் வாங்கிட்டு அதைத் தாண்டிப் போயிட்டேன்.

அரியர் பேப்பர்ல கன்சாலிடேஷன் திரும்ப வந்துச்சு. களிமண் தடிமன், கூடுற ஸ்ட்ரெஸ், mv, அதோட cv. இறக்கம் எவ்வளவு, அதுல பாதி இறங்க எத்தனை நாள் ஆகும். cv நாள் கணக்குக்கு மட்டும்தான், அதை முதல் பகுதியில தொடவே இல்லை. இறக்கம் ரெண்டே வரியில முடிஞ்சுது. முடிச்சும் பேனாவைக் கீழ வைக்கலை. கேள்வித்தாள்ல இருந்த ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால வட்டம் போட்டு, விடைத்தாள்ல அது எங்க போச்சுன்னு தேடிட்டே இருந்தேன். ஹால்ல இருந்த மேடம் வந்து, "என்னப்பா, அடிஷனல் ஷீட் வேணுமா?"ன்னு கேட்டாங்க.