ஜூன் 4 அன்று நான் விற்றிருந்த புட்

2024 தேர்தலுக்கு முன்பு, அடையாறில் இதே கல்லூரியின் முதலீட்டு மன்றத்தில் நான் பேசியதை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். ஆப்ஷனை வாங்குகிறவர் பெரும்பாலும் தோற்பார், விற்கிறவர் பத்து வாரத்தில் ஒன்பது வாரம் ஜெயிப்பார் என்று சொன்னேன். என் கணக்கில் அதுவரை அப்படித்தான் நடந்திருந்தது. பத்தாவது வாரம் வந்தால் எவ்வளவு போகும் என்பதை நான் சொல்லவில்லை. அதை ஒருநாளும் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. அந்தத் தவறை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

ஜூன் 1 மாலை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக் கணிப்புகள் வந்தன. திங்கள்கிழமை, ஜூன் 3 அன்று, நிஃப்டி மூன்று சதவீதத்துக்கும் மேல் ஏறி 23,263-ல் முடிந்தது. தி.நகரில் என் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, வியாழக்கிழமை முடிகிற 22,500 புட்டை ஏறக்குறைய நூறு ரூபாய்க்கு விற்றேன். நிஃப்டி 22,500-க்குக் கீழே போகாவிட்டால் அந்த நூறு ரூபாய் முழுவதும் எனக்கு. அப்போது ஒரு லாட் என்பது 25. நான்கு லாட் விற்றதால் கைக்கு வந்த பிரீமியம் பத்தாயிரம். கணக்கில் சுமார் மூன்று லட்சம் இருந்தது. அதில் பாதி, அம்மாவின் டெபாசிட்டை முறித்துப் போட்ட பணம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. ஆளுங்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காது என்று தெரியத் தெரிய நிஃப்டி சரிந்து, ஒரு கட்டத்தில் 21,281 வரை போனது. அந்த இடத்தில் 22,500 புட்டின் உள்மதிப்பு மட்டுமே 1,219 ரூபாய். நான் நூறுக்கு விற்ற பொருள் அது. விலை மட்டும் ஏறவில்லை. சந்தையின் பதற்றத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் 30-ஐத் தாண்டியதால், அந்தப் புட்டை விற்றுவைத்திருக்கத் தேவையான மார்ஜினும் கூடியது. ஒரு பக்கம் நஷ்டம் என் பணத்தைத் தின்றது, மறுபக்கம் கேட்கப்படும் தொகை வளர்ந்தது. பணம் போடச் சொல்லி புரோக்கரிடமிருந்து செய்தி வந்தது. போட என்னிடம் ஒன்றும் இல்லை. என் பொசிஷனை 1,150-க்குப் பக்கத்தில் மூடிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் போயிற்று.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அன்று நிஃப்டி 21,884-ல் முடிந்தது, மறுநாள் 22,620-க்கு வந்தது, வியாழன் ஜூன் 6 அன்று 22,821-ல் முடிந்தது. அதாவது நான் விற்ற புட் கடைசியில் பூஜ்யமாகிவிட்டது. என் கணிப்பு சரி. அந்த ஒரு நாளைத் தாண்ட மட்டும் என் கணக்கில் வழியில்லை. 'கொஞ்சம் பொறுத்திருக்கலாமே' என்று நண்பர்கள் சொன்னார்கள். பொறுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அப்போது என் கையில் இல்லை.

இதையே வேறு விதமாகச் செய்திருக்கலாம். 22,500 புட்டை விற்ற கையோடு 22,000 புட்டை வாங்கியிருந்தால், அதற்கு ஐம்பது ரூபாய் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது ஐம்பது. நிஃப்டி எவ்வளவு விழுந்தாலும் இரண்டுக்கும் இடைவெளி 500 புள்ளிதான், ஆகவே அதிகபட்ச நஷ்டம் 450 ரூபாய், லாட்டுக்கு 11,250. மார்ஜினும் வெகுவாகக் குறையும். ஒரே ஒரு லாட் எடுத்திருந்தால், மூன்று லட்சத்தில் நான்கு சதவீதத்துக்கும் குறைவுதான் ஆபத்தில் இருந்திருக்கும். யாரும் என்னை வெளியேற்றியிருக்க மாட்டார்கள், வியாழனன்று அந்த ஐம்பதும் எனக்கே வந்திருக்கும். பாதிப் பிரீமியத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பேராசை என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் உண்மையில் என்னைக் கெடுத்தது அந்த ஒன்பது வாரங்கள். அவற்றில் வாங்கியிருக்கக்கூடிய பாதுகாப்பு ஒவ்வொன்றும் வீண் செலவாகத்தான் தெரிந்திருக்கும்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் பணம் இழந்தார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. அதைப் படிக்கும்போது, நான் இங்கே பேசிய நாளில் எழுதி எடுத்துக்கொண்ட மாணவர்களைத்தான் நினைத்தேன். அவர்களில் ஒருவர் பிறகு லஸ் பக்கம் என்னைப் பார்த்து, தானும் அந்த வாரம் புட் விற்றிருந்ததாகச் சொன்னார். கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். நான் சொன்னதைக் கேட்டுத்தான் செய்ததாக அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அந்த ஜூன் மாத கான்ட்ராக்ட் நோட்டுகளை அச்சடித்து இந்த மேசையில் வைத்திருக்கிறேன், பெயரை மறைக்கவில்லை. வந்து பாருங்கள். உங்களில் யாராவது இந்த வாரம் எதையாவது விற்று வைத்திருந்தால், நிஃப்டி நாளைக் காலை ஆயிரம் புள்ளி தள்ளித் திறந்தால் எத்தனை ரூபாய் போகும் என்பதை இப்போதே, என் எதிரிலேயே, ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுவோம்.