1843 முதல் 1906 வரை

யாழ்ப்பாணத்து விநியோக நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை செய்யும் என் பெறாமகன், சென்ற ஆண்டு ஓர் அறிக்கையை எனக்கு அனுப்பி, "பெரியப்பா, அனுப்புறதுக்கு முதல் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்று கேட்டிருந்தான். நிறுவனத்தின் செயற்பாட்டுப் பணிப்பாளருக்கு எழுதப்பட்ட அறிக்கை அது. கணினி முறைமையைப் புதிய வழங்கிக்கு மாற்றியபின் ஒரு வார விற்பனைத் தரவு காணாமற் போயிருந்தது. அவனுடைய முதல் வசனம் இப்படி இருந்தது: "முறைமை மாற்றத்தின்போது தவிர்க்கமுடியாத தொழில்நுட்பக் காரணங்களினால் சில தரவுகள் இழக்கப்பட்டுள்ளன."

முப்பது வருடமாகச் செய்தி எழுதியும் திருத்தியும் வருபவனுக்கு இந்த வசனம் நன்கு பழக்கமானது. பொலிஸ் அறிக்கைகளிலும் அமைச்சு அறிக்கைகளிலும் இதன் உடன்பிறப்புகளைக் கண்டிருக்கிறேன். எது போயிற்று, எவ்வளவு, எப்போது, யாருக்கு என்ற நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. "தவிர்க்கமுடியாத" என்ற சொல்லோ, விசாரணைக்கு முன்பே தீர்ப்பை வழங்கிவிடுகிறது.

நடந்ததை அவன் வாயால் கேட்டபோது கதை மிகவும் தெளிவாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்த பழைய வழங்கியின் தரவுத்தளத்தை முழுமையாகப் பிரதி எடுத்தார்கள். சனிக்கிழமை அதனை வாடகைக்கு எடுத்த புதிய வழங்கியில் ஏற்றினார்கள். விற்பனைப் பிரதிநிதிகளின் கைபேசிச் செயலிகள் வழங்கியைப் பெயரால் தேடுபவை. பெயர் புதிய முகவரியைக் காட்டத் தொடங்கியதும் அவை தாமாகவே புதிய இடத்துக்குப் போய்விட்டன. ஒரேயொரு கைபேசி மட்டும் போகவில்லை. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு என்று தீவகப் பாதையில் செல்லும் பிரதிநிதியிடம் இருந்தது செயலியின் பழைய பதிப்பு. அதில் பழைய வழங்கியின் இலக்க முகவரியே நேரடியாக எழுதப்பட்டிருந்தது.

முன்னெச்சரிக்கையாகப் பழைய வழங்கியை ஒரு வாரம் அணைக்காமல் வைத்திருந்தார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் எழுதுவதற்குத் திறந்தபடியே வைத்திருந்தார்கள். தீவகக் கைபேசி அனுப்பியதையெல்லாம் அது வாங்கிக்கொண்டு "கிடைத்தது" என்று பதில் சொன்னது. அந்தப் பதில் வந்ததும் செயலி தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிடும். இரவு நேரக் காப்புப் பிரதி எடுக்கும் வேலையோ புதிய வழங்கிக்கு மாறிவிட்டது. அடுத்த சனிக்கிழமை பழைய இயந்திரத்தை வேறு தேவைக்காகத் துடைத்து, புதிதாக இயங்குதளம் நிறுவினார்கள். திங்கட்கிழமை அந்தப் பிரதிநிதி "செயலி வேலை செய்யுதில்லை" என்று முறையிட்டபோது, ஒருவர் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இவ்வளவு நாளும் அது எங்கே அனுப்பிக்கொண்டிருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தீவகப் பாதையின் வியாபாரம் சிறியது. மொத்த விற்பனைத் தொகையில் ஏற்பட்ட சரிவு கண்ணில் படவில்லை. புதன்கிழமை களஞ்சியக் கணக்கெடுப்பில்தான் பொருட்கள் வெளியேறியிருப்பதும் அவற்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லாதிருப்பதும் தெரியவந்தன. பழி உடனே ஒரு மனிதர் மீது விழுந்தது. பிரதிநிதியிடம் எழுத்துமூல விளக்கம் கேட்டு, அவருடைய தரகுப் பணத்தையும் நிறுத்தி வைத்தார்கள். "தொழில்நுட்பக் காரணங்களினால் சில தரவுகள்" என்ற வசனம் அந்த மனிதரைக் காப்பாற்றாது என்பதுதான் என்னை உறுத்தியது. "சில" என்ற சொல்லுக்குள் திருட்டும் ஒளிந்துகொள்ளலாம் அல்லவா?

எத்தனை பற்றுச்சீட்டுகள் என்று கேட்டேன். தெரியாது, ஐம்பது அறுபது இருக்கலாம் என்றான். தொடரிலக்கம் இடுவது யார் என்று கேட்டேன். செயலியே இடுமாம். பிறகு அவனே கண்டுபிடித்துவிட்டான். மாற்றத்துக்கு முன் தீவகக் கைபேசியிலிருந்து பதிவான கடைசி இலக்கம் 1842. புதிய பதிப்பு ஏற்றியபின் பதிவான முதல் இலக்கம் 1907. ஆகவே போனவை 1843 முதல் 1906 வரை, சரியாக 64. மற்றைய கைபேசிகள் எல்லாவற்றிலும் இதே சோதனையைச் செய்யச் சொன்னேன். அவற்றில் இடைவெளி எதுவும் இல்லை. "வேறு தரவு பாதிக்கப்படவில்லை" என்று எழுதும் உரிமை அந்தச் சோதனைக்குப் பிறகுதான் வருகிறது.

எல்லையைத் துல்லியமாகச் சொல்வதற்கு இலங்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2023 ஓகஸ்டில் அரசின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 முகவரிகளின் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. செய்தி கசப்பானதுதான். ஆனால் ஓர் அலுவலர் தன் கோப்பில் எதைத் தேடவேண்டும், எதைத் தேடத் தேவையில்லை என்பதை அந்த இரண்டு திகதிகளும் சொல்லிவிட்டன.

பெறாமகனுக்கு நான் வாசிக்கக் கொடுத்தது வேறோர் அறிக்கை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர், பிரதித் தரவுத்தளத்தில் அழிப்பதாக நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். ஏறக்குறைய ஆறு மணிநேரத் தரவு போயிற்று. பின்னர் வெளியிட்ட அறிக்கையில் அந்த நிறுவனம் "மனிதத் தவறு" என்று எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு ஒத்துப்போகாததால் பிரதி எடுப்பதே நடக்கவில்லை என்பதையும், அது தோல்வியடைவதாக எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டு வந்தன என்பதையும் எழுதினார்கள். கை தவறியதைவிட அந்த இரண்டுமே திருத்தக்கூடிய செய்திகள்.

அதே வழியில் எங்கள் அறிக்கையிலும் காரணத்தை மூன்றாகப் பிரித்தோம்: பழைய செயலியில் பதிந்திருந்த முகவரி, எழுதத் திறந்திருந்த பழைய வழங்கி, துடைப்பதற்கு முன் பார்க்காமை. முதலாவதை எல்லாக் கைபேசிகளிலும் தேடிப்பிடிப்பது சிரமம். மற்றைய இரண்டுக்கும் இரண்டு வரிகள் போதும்.

```
SET GLOBAL super_read_only = ON;
SELECT MAX(created_at) FROM invoices;
```

முதல் வரியை மாற்றத்தன்றே பழைய தரவுத்தளத்தில் இட்டிருந்தால், தீவகக் கைபேசிக்கு முதல் நாளே பிழைச் செய்தி வந்திருக்கும். பிரதிநிதி அன்றைக்கே சத்தம் போட்டிருப்பார். இரண்டாவது வரி, கடைசியாகப் பதிவு விழுந்த நேரத்தைக் காட்டுவது. மாற்றம் நடந்த நாளுக்குப் பிந்திய நேரத்தை அது காட்டினால், யாரோ இன்னும் பழைய வீட்டுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இயந்திரத்தைத் தொடக்கூடாது.

தரவு மீண்டது கணினியிலிருந்து அல்ல. தீவுகளில் அலைவரிசை சரியாகக் கிடைக்காத கடைகளில் அந்தப் பிரதிநிதி கையால் எழுதிய பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டு, மாலையில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பியபின்தான் செயலியில் பதிவாராம். அலுவலகத்தில் சிலர் இதைப் பழைய பழக்கம் என்று கேலி செய்ததுண்டு. அவருடைய கார்பன் பிரதிகளில் 61 தெளிவாக இருந்தன. மூன்று, படகில் கடல் நீர் பட்டு வாசிக்கமுடியாமல் ஊறிப்போயிருந்தன. பெறாமகன் ஒரு நாள் நயினாதீவுக்குப் படகேறிப் போய்க் கடைக்காரர்களிடமிருந்த மூலப்பிரதிகளில் இரண்டைக் கண்டெடுத்தான். மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றை எப்படி எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் சிறு வாக்குவாதம். களஞ்சியக் கணக்கின்படி குறைவது ஒரு மூடை சீனியும் இரண்டு பெட்டி சவர்க்காரமும். 64 பற்றுச்சீட்டுகளும் மீட்கப்பட்டன என்று எழுதிவிடலாம் என்றான் அவன். சம்மதிக்கவில்லை. கண்டது வேறு, ஊகித்தது வேறு. "63 பற்றுச்சீட்டுகள் ஆவணங்களிலிருந்து மீளப் பதியப்பட்டன, 1879 இலக்கமுடையது கிடைக்கவில்லை, அதன் உள்ளடக்கம் களஞ்சியக் குறைவிலிருந்து கணிக்கப்பட்டது" என்று எழுதினோம்.

புதிய அறிக்கையின் முதல் வசனம், தீவகப் பாதையின் 64 பற்றுச்சீட்டுகள் எந்தெந்த நாட்களுக்கிடையில் தவறின என்பதைச் சொன்னது. இரண்டாவது வசனம், பிரதிநிதி அவை அனைத்தையும் உரிய நேரத்தில் அனுப்பியிருந்தார் என்றும், அவை பழைய வழங்கியில் விழுந்து அதனுடன் அழிந்தன என்றும் சொன்னது. அறிக்கை ஒன்றரைப் பக்கம். எவர் பெயரும் அதில் இல்லை.

பணிப்பாளர் மறுநாளே தரகுப் பணத்தை விடுவித்தார். அறிக்கையின் ஓரத்தில் பேனாவால் ஒரு கேள்வியும் எழுதி அனுப்பியிருந்தார்: கொழும்புக் களஞ்சியத்தில் இருக்கும் பழைய வழங்கியில் கடைசிப் பதிவு எந்தத் திகதியில் விழுந்திருக்கிறது?