ஹைக் என்ற ஒரு சொல்லும் பத்தாண்டுக் கணக்கும்

ஐதராபாத்தின் மாதாப்பூர், கச்சிபௌலி பகுதிகளில் தமிழ், தெலுங்கு, இந்தி என எம்மொழி பேசுவோரும் பொதுவாகப் பயன்படுத்தும் சொல் 'ஹைக்'. ஒரே நிறுவனத்தில் இருப்பவர்க்கு ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வுக்கும் அதே சொல். வேலை மாறுபவர்க்குப் புதிய நிறுவனம் தரும் உயர்வுக்கும் அதே சொல். முன்னது ஓராண்டுக்கு உரிய அளவு. பின்னது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் ஒரு தாவல். இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவதால் '8 விழுக்காடா, 30 விழுக்காடா?' என்று கேட்பது இயல்பாகத் தோன்றுகிறது. மொழியியல் படித்தவன் என்ற முறையில் இச்சொல்மயக்கம் எனக்குச் சுவையாக இருந்தது. ஆனால், என் அண்ணன் ஓர் ஆஃபர் கடிதத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்க இயலாமல் இருந்த இரண்டு வாரங்களில், அது எங்கள் வீட்டுக் கடன் தவணையைத் தொடும் கேள்வியாகிவிட்டது.

அண்ணன் மென்பொருள் பொறியாளர். 2016-இல் ஆண்டுக்கு 12 லட்சத்தில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். இன்றுவரை அங்கேயே இருக்கிறார். அதே ஆண்டு, அதே சம்பளத்தில், அதே நிறுவனத்தில் சேர்ந்த அவருடைய அறைத்தோழர் மூன்று முறை வேலை மாறிவிட்டார். இருவர் கணக்கையும் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எண்களைச் சற்று ஒழுங்குபடுத்தியே இங்கே தருகிறேன்.

அண்ணனுக்குச் சாதாரண ஆண்டுகளில் 8 விழுக்காடு உயர்வு. நான்காம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும் பதவி உயர்வு வந்ததால் அவ்விரு முறையும் 15 விழுக்காடு. நண்பருக்கு மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் ஆண்டுகளில் தலா 30 விழுக்காடு. ஆனால், ஒவ்வொரு தாவலுக்கும் அடுத்த ஆண்டு அவருக்கு உயர்வே இல்லை. அப்ரைசல் பட்டியலுக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் அதற்குப் பின்னரே வந்திருப்பார். பட்டியலில் பெயர் இருந்தாலும் 'இப்போதுதானே பெரிய உயர்வு பெற்றீர்கள்' என்ற பேச்சு வரும். அதற்கடுத்த ஆண்டில்தான் வழக்கமான 8 விழுக்காடு.

ஆகவே நண்பரின் உண்மையான அலகு மூன்றாண்டுச் சுற்று:

1.30 × 1.00 × 1.08 = 1.404

மூன்றாண்டில் 40 விழுக்காடு என்றால் கூட்டு முறையில் ஆண்டுக்கு 12 விழுக்காடு. அண்ணனின் நான்காண்டுச் சுற்றை, அதாவது மூன்று 8 விழுக்காடுகளையும் ஒரு 15 விழுக்காட்டையும் இவ்வாறே சுருக்கினால் ஆண்டுக்கு 9.7 வருகிறது. ஒப்பிட வேண்டியவை 30-உம் 8-உம் அல்ல, 12-உம் 9.7-உம்தான். பதவி உயர்வே வராமல் 8 விழுக்காட்டில் நிற்பவருக்கு இடைவெளி 4 புள்ளிகள்; முறையாகப் பதவி உயர்வு பெறுபவருக்கு இரண்டே கால் புள்ளிகள். தங்குவதன் பயன் ஆண்டு உயர்வைக் காட்டிலும் பதவி உயர்வையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

இரண்டே கால் புள்ளி சிறிது போலத் தோன்றினாலும் பத்தாண்டில் அது பெருகுகிறது. பத்தாம் ஆண்டில் அண்ணன் சம்பளம் 27.2 லட்சம், நண்பருடையது 33.2 லட்சம். பத்தாண்டு மொத்தம் அண்ணனுக்கு 1 கோடியே 87 லட்சம். நண்பருக்கு 2 கோடியே 16 லட்சம். வேறுபாடு 29 லட்சம். இனி நண்பர் தாவாமலே இருந்தாலும் அந்த 6 லட்ச முன்னிலை ஆண்டுதோறும் அவருடன் இருக்கும். இந்நகரில் இதற்குக் கொடுக்கும் விலையும் குறைவு. நிறுவனங்கள் அடுத்தடுத்த சாலைகளில் இருப்பதால் நண்பர் மூன்று முறை மாறியும் வீட்டை மாற்றவில்லை, பிள்ளையின் பள்ளியை மாற்றவில்லை.

ஆனால், இந்த 29 லட்சம் 'சிடிசி' என்னும் கணக்கில் வருவது. 'எவ்வளவு வாங்குகிறாய்?' என்று கேட்டால் எல்லாரும் சிடிசியைத்தான் சொல்கிறார்கள். அதில் ஒருபோதும் கைக்கு வராத பகுதியும் உண்டு. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பணிக்கொடை. பல நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காட்டைப் பணிக்கொடை என்று சிடிசிக்குள் எழுதிவிடுகின்றன. ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு 26 வேலைநாள் என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சூத்திரத்திலிருந்து வரும் எண் இது. ஆனால், பணியிலிருந்து விலகுபவர்க்கு அது கிடைக்க ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். நண்பர் எங்கும் மூன்றாண்டுக்கு மேல் இருந்ததில்லை. அடிப்படைச் சம்பளம் சிடிசியில் 40 விழுக்காடு எனக் கொண்டால், இப்போதைய இடத்தையும் முன்கூட்டியே விட்டால், அவருடைய பத்தாண்டுக் கணக்கில் 4 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை வெறும் தாளில் இருந்ததே ஆகும்.

அண்ணனுக்கோ இது நேர்மாறு. சட்டப்படி கடைசியாக வாங்கிய ஊதியமே எல்லா ஆண்டுகளுக்கும் அளவுகோல்; 2016-இல் செய்த வேலைக்கும் இன்றைய விலை கிடைக்கிறது. அவர் சிடிசியில் பத்தாண்டும் பணிக்கொடையாக எழுதப்பட்டது சுமார் 3.6 லட்சம், இன்று விலகினால் கைக்கு வருவது 5.2 லட்சம். இவ்விரு திருத்தங்களையும் செய்தால் 29 லட்ச வேறுபாடு 23 லட்சமாகிறது.

அடுத்தது இடர். நண்பரின் கணக்கில் மூன்று தாவலும் பிழையின்றி அமைந்தன. மூன்றாவது தாவலுக்குப் பின் ஆட்குறைப்பில் வேலை போய் ஆறு மாதம் வீட்டில் இருந்திருந்தால் இழப்பு 16.6 லட்சம். மீதி ஏறத்தாழ 6 லட்சம்தான். புதியவரும் சம்பளம் கூடியவரும் ஆட்குறைப்புப் பட்டியலில் எளிதில் இடம்பெறுகிறார்கள். தாவியவர் இவ்விரண்டும் ஆவார். தாவி வென்றவர்களின் கதைகளே நம் காதுக்கு வருகின்றன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

காலமும் முக்கியம். 2022 மார்ச் காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த, முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்கான விலகல் விகிதம் 27.7 விழுக்காடு. 2024 மார்ச்சில் அது 12.6. நான்கில் ஒருவருக்கு மேல் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில் ஆள் பிடிக்கத் தந்த விழுக்காட்டை, எட்டில் ஒருவர் மட்டுமே நகரும் காலத்தில் எதிர்பார்க்க முடியாது. பொருளியலில் இவ்விவாதத்தில் அடிக்கடி காட்டப்படும் டோப்பெல், வார்டு ஆகியோரின் 1992-ஆம் ஆண்டுக் கட்டுரை, அமெரிக்க இளைஞர்களின் முதல் பத்தாண்டு ஊதிய வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலை மாற்றத்தால் வந்தது என்றது. அது பணிவாழ்வின் தொடக்கத்தைப் பற்றிய ஆய்வு. தமக்குப் பொருந்தும் இடத்தைத் தேடி அலையும் பருவம் அது. முப்பத்தெட்டு வயதில் நிற்கும் அண்ணனுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியன்று.

இனி அந்த ஆஃபர். 27.2 லட்சத்துக்கு எதிரே 35 லட்சம். 29 விழுக்காடு ஹைக். பிரித்துப் பார்த்தோம். நிலையான சம்பளம் 29 லட்சம்; மீதி வேரியபிள், ஒருமுறை மட்டும் தரும் 2 லட்சம் சேர்க்கை ஊக்கத்தொகை, பணிக்கொடை. அண்ணனின் இப்போதைய நிலையான சம்பளம் 24.5 லட்சம். ஆக உண்மையான உயர்வு 18 விழுக்காடு. அதுவும் முதல் அப்ரைசல் ஒரு சுற்றைத் தாண்டியே வரும் என்று கடிதம் சொன்னது.

மூன்றாண்டுக்கு ஓட்டினோம். மாறினால் நிலையான சம்பளம் 29, 29, 31.3, ஊக்கத்தொகையும் சேர்ந்து மொத்தம் 91 லட்சம். தங்கி, அடுத்து வரவேண்டிய பதவி உயர்வும் இரண்டாம் ஆண்டில் வந்தால் 26.5, 30.4, 32.9, மொத்தம் கிட்டத்தட்ட 90. வராவிட்டால் 86. தங்கினால் பணிக்கொடையும் வளரும். இன்றே எடுத்து வைப்பில் இட்டால் வரக்கூடிய வட்டியைக் கழித்தால் அந்த வளர்ச்சி இரண்டரை லட்சம் அளவு. எனவே, பதவி உயர்வு வந்தால் தங்குவது சற்று மேல். வராவிட்டால் மாறுவது சுமார் 3 லட்சம் மேல். 29 விழுக்காடு என்று தொடங்கிய பேச்சு ஒரே கேள்வியில் வந்து நின்றது: பதவி உயர்வு வருமா?

அண்ணன் மேலாளரிடம் நேராகவே கேட்டார்: தம் நிலையில் இருப்போருள் சென்ற சுற்றில் எத்தனை பேர் உயர்ந்தனர், மேல்நிலையில் இடம் இருக்கிறதா என்று. எண் எதுவும் வரவில்லை. 'பார்க்கலாம்' என்று விடை வந்தது. இலக்கணப்படி அச்சொல் வாக்குறுதி அன்று. வாய்ப்பை மட்டும் உணர்த்துவது. அண்ணனுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. பத்தாண்டு அதைக் கேட்டவர்.

பிறகு புதிய நிறுவனத்திடம் பேசினார். ஒருமுறைத் தொகையான 2 லட்சத்தை விட்டுவிடுகிறேன், அதை நிலையான சம்பளத்தில் சேருங்கள் என்றார். பேரத்தில் 1 லட்சம் சேர்ந்து 30 லட்சமாயிற்று. மூன்றாண்டு மொத்தம் 92.4 லட்சம். தங்கிப் பதவி உயர்வும் பெற்றால் பணிக்கொடையோடு வரக்கூடிய தொகைக்கு இது சமம். பெறாவிட்டால் 4 லட்சம் கூடுதல். அடுத்த உயர்வுகளெல்லாம் 30-இன் மேல் ஏறும். ஊக்கத்தொகையின் மேல் எதுவும் ஏறாது.

சென்ற வாரம் அண்ணன் விலகல் கடிதம் கொடுத்தார். தொண்ணூறு நாள் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. கைக்கு வரவிருக்கும் பணிக்கொடை 5.2 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டிவிடலாம் என்றார் அண்ணி. அண்ணன் அதைத் தனிக் கணக்கில் வைக்கப் போகிறார்: ஒருவேளை அந்த ஆறு மாத இடைவெளி வந்துவிட்டால், தவணை தவறாமலிருக்க.