மேன்டெல் சோதனை எங்கிருந்து வந்தது?

இரண்டு இடங்களுக்கு இடையே தூரம் கூடக் கூட, அங்கு வாழும் உயிரினங்களும் மாறிக்கொண்டே போகின்றனவா? சூழலியலில் இந்தக் கேள்வி வந்தாலே மேன்டெல் சோதனையைத்தான் எடுக்கிறோம். அதன் மூலத்தைத் தேடிப் போனபோது நான் போய்ச் சேர்ந்த இடம் காடல்ல, புற்றுநோய் ஆய்வு.

வட இங்கிலாந்துக் குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் தொற்றுபோல் பரவுகிறதா என்று 1964இல் ஜார்ஜ் நாக்ஸ் ஆராய்ந்தார். 96 நோயாளிகள், இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,560 ஜோடிகள். இடத்திலும் காலத்திலும் ஒருங்கே நெருங்கிய ஜோடிகள், தற்செயலில் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலா என்று எண்ணினார். 1967இல் நேதன் மேன்டெல் இதைப் பொதுமைப்படுத்தினார். எண்ணுவதற்குப் பதில், இடத் தூரத்தையும் காலத் தூரத்தையும் ஜோடிவாரியாகப் பெருக்கிக் கூட்டினார். ஒரே நோயாளி பல ஜோடிகளில் வருவதால் ஜோடிகள் தனித்தனிச் சான்றுகள் ஆகா. ஆகவே ஓர் அணியின் வரிசைகளையும் நிரல்களையும் சேர்த்தே கலைத்துப்போட்டு, விடையைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கலைப்பைக் கையால் செய்து பாருங்கள். ஒரே கோட்டில் சம இடைவெளியில் நான்கு மாதிரி இடங்கள். வரிசை மாற்றங்கள் 24. ஆனால் கோட்டைத் தலைகீழாக்கினாலும் தூரங்கள் மாறாது. எனவே கிடைக்கக்கூடிய மிகச் சிறிய p மதிப்பு 2/24, அதாவது 0.083. தரவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் 0.05ஐத் தாண்டி இறங்காது.

கியூபெக்கின் ஏரிக்கரைப் பாசியில் எடுத்த 70 மண் மாதிரிகள், 35 வகை உண்ணிகள்: vegan தொகுப்பில் இருக்கும் பிரபலமான தரவு இது.

```
mantel(vegdist(mite), dist(mite.xy))
```

இதில் கிடைக்கும் r மதிப்பை வர்க்கமாக்கி, "உண்ணிகளின் மாற்றத்தில் இத்தனை சதவீதம் தூரத்தால்" என்று எழுதுவது பெரும் தவறு. அந்த எண் 2,415 தூரங்களைப் பற்றியது, உண்ணிகளின் எண்ணிக்கையைப் பற்றியதல்ல. பியர் லெஜாந்தரும் உடனாய்வாளர்களும் 2005இலும் 2015இலும் வலியுறுத்தியது இதைத்தான். இன்னொரு குறையும் உண்டு: ஒரே வகைத் திட்டு இரண்டு முனைகளிலும் இருந்தால், தொலைவான இடங்களே ஒத்துப்போகும். அமைப்பு கண்ணுக்குத் தெரிந்தாலும் r சுருங்கிவிடும்.

பெரிய ஆபத்து வேறிடத்தில். உயிரினங்களையும் ஈரப்பதத்தையும் ஒப்பிட்டு, தூரத்தைப் பகுதி மேன்டெல் சோதனையால் கழித்துவிட்டோம் என்று நம்புகிறோம். அக்கம்பக்கத்து இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்போது, கலைத்துப்போட்ட வரிசை அந்த ஒப்புமையையே உடைத்துவிடுகிறது. அதனால் இல்லாத தொடர்பும் இருப்பதாகத் தெரியும். 2013இல் கியோவும் ரூஸேவும் இதைக் காட்டி, இத்தகைய தரவுக்குப் பகுதிச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றார்கள்.

மேன்டெலின் கேள்வியே ஜோடிகளைப் பற்றியது; அங்கே அவர் முறை பொருந்தியது. உங்கள் கேள்வி இடங்களைப் பற்றியது என்றால், தூர அணியாக மாற்றாமல், மூல அட்டவணையை வைத்தே மிகைமைப் பகுப்பாய்வு செய்யுங்கள்.