தேடலில் பின்தங்கிய பழைய கட்டுரை

தேடலில் இடமிழந்த கட்டுரையைத் திருத்துமுன் Google Search Console-இல் இரு காலங்களை ஒப்பிட வேண்டும். சராசரி இடம் மாறாமல், தோன்றிய எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் தேடுவோரே குறைந்திருக்கிறார்கள். இடமும் சரிந்திருந்தால் உள்ளடக்கத்தைப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, 2021-இல் எழுதிய பான்–ஆதார் இணைப்புக் கட்டுரை ‘கட்டணமில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 2022 ஜூலையில் தாமதக் கட்டணம் 1,000 ரூபாயானது. அந்தப் பத்தி மாற வேண்டும். தேதியை மட்டும் புதிதாக்குவது வாசகரை ஏமாற்றுவது. பெயர் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற விளக்கம் இன்னும் சரியென்றால் இருக்கட்டும். பக்கத்தின் முகவரியும் மாறக்கூடாது. பிற தளங்களின் இணைப்புகள் அங்கேதான் வருகின்றன. இதே பொருளில் வேறொரு சிறு கட்டுரை இருந்தால், பயனுள்ளதை இங்கே சேர்த்து, அதன் முகவரியை 301 வழிமாற்றால் இங்கே திருப்பலாம். முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அந்தச் சிறு கட்டுரையை இல்லாத பக்கமாகவே கருதக்கூடும்.