எரிந்த கட்சியா, எரியாத கட்சியா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் மாசி பிறந்தால் காமன் கூத்துதான். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதி–மதன் கதை நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்க மதன் புறப்படுகிறான். ரதி தடுக்கிறாள், அவன் கேட்பதில்லை. கடைசியில் நெற்றிக்கண் திறக்கிறது, மதன் சாம்பல்.

இதை யாரும் படைப்புக் கதைன்னு சொல்றதில்ல. ஆனா எனக்கு அப்படித்தான் படுது. ஆசையே எரிந்துபோனால் உலகம் எதற்காகத் தொடரணும்? அதனால்தான் ரதியின் அழுகை வெறும் மனைவியின் அழுகையாக நிற்பதில்லை. உடம்பு இல்லாமலாவது மதன் திரும்பி வந்தாகணும்.

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129ஆம் பாடல் இந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறது. இருப்பும் இல்லை, இல்லாமையும் இல்லை என்ற நிலையில் முதலில் எழுந்தது காமம், அதுவே மனதின் முதல் விதை என்கிறது. ஆனா அந்த ஆசை ஏன் எழுந்ததுன்னு சொல்லல. மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்கலாம், அவனுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்று முடித்துவிடுகிறது. வேதத்துக்குள்ளேயே இவ்வளவு தைரியமா!

நம்மைச் சுற்றியுள்ள சிங்கள ஊர்களின் பௌத்தம் இதே ஆசையைத் தலைகீழாகப் பார்க்கிறது. தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தத்தில் உயிர்கள் முதலில் ஒளியுடம்போடு, மகிழ்ச்சியையே உணவாகக் கொண்டு மிதக்கின்றன. கீழே இருட்டும் தண்ணீரும் மட்டும்தான். காய்ச்சின பால் ஆறும்போது மேலே ஆடை படியுமே, அதுபோல நீரின்மேல் மண் படிகிறது. தேன் மாதிரி ருசி. ஒரு உயிர் ஆசைப்பட்டு விரலால் தொட்டு நக்குகிறது, மற்றவையும் பின்தொடர்கின்றன. ஒளி போய்விடுகிறது, அதன்பிறகே சூரியனும் சந்திரனும் தெரிகின்றன, உடம்பும் தடித்துப்போகிறது. இங்கே ஆசை விதையல்ல, சறுக்கல். ஆனா கவனிங்க: இந்தக் கதை தொடங்கும்போதே உயிர்கள் இருக்கின்றன. பழைய உலகம் சுருங்கி மறுபடி விரிகிறது, அவ்வளவுதான். முதன்முதலில் ஏன் எதுவும் இருந்தது என்பதை அது தொடவே இல்லை.

பைபிளின் ஆதியாகமம் இன்னொரு பாதை. கடவுள் சொல்கிறார், ஆகிறது. நல்லது என்று காண்கிறார். அவருக்கு ஏதோ குறை இருந்ததால் படைத்தார் என்ற பேச்சே அந்த அதிகாரத்தில் இல்லை. காரணம் கேட்கிற எனக்கு இதுதான் ரொம்ப மௌனமான கதை.

தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி, விடிய விடிய வாதம். அப்பாயிகிட்ட, நீங்க எந்தக் கட்சின்னு கேட்டேன். "எரிஞ்சிருந்தா நீ எப்புடிடா பொறந்த?" என்று சொல்லிவிட்டு வெத்தலையை மடித்தார்.

நான் எரியாத கட்சி. ரிக்வேதப் பாடல் நிறுத்திய இடத்தில் அப்பாயியும் நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆசை இருக்கிறது, அதனால் நாம் இருக்கிறோம். ஆசை எங்கிருந்து வந்ததுன்னு அவர்கிட்ட இன்னும் கேட்கல.